மெட்டு மாறாமல் பாட்டை மொழிபெயர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேற்றுமொழிப் பாட்டைத் தமிழில் பாட விரும்புகிறவர்கள், குறிப்பாகத் தேவாலயப் பாடகர் குழுக்களில் இருப்பவர்கள், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான உதாரணங்களுக்கு ஒரே பாட்டை எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் 'சைலன்ட் நைட்' என்று உலகம் முழுவதும் பாடப்படும் ஜெர்மன் கிறிஸ்துமஸ் பாட்டு அது. யோசப் மோர் 1816இல் எழுதிய கவிதைக்கு ஃபிரான்ஸ் சேவர் குரூபர் 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் மெட்டமைத்தார். சபைகளில் பாடப்படும் தமிழ் வடிவங்கள் ஏற்கெனவே உண்டு. வழிமுறையைக் காட்டுவதற்காக இங்கே புதிதாக ஒன்று செய்து பார்க்கிறேன்.

பொருளைச் சரியாக மொழிபெயர்த்துவிட்டால் பாடகர்கள் எப்படியாவது பாடிக்கொள்ள மாட்டார்களா?

பாடிவிடுவார்கள், ஆனால் கேட்பவர்களுக்குப் புரியாது. மெட்டுக்குப் பொருந்தாத சொல்லைப் பாடகர் எங்காவது இழுத்து, எங்காவது விழுங்கித்தான் தீர வேண்டும். இழுக்கும்போது 'மலை' என்பது 'மாலை' ஆகிவிடும், 'விடு' என்பது 'வீடு' ஆகிவிடும். குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும் மொழி தமிழ். ஆகவே ஆங்கிலத்தில் மன்னிக்கப்படும் இழுப்பு தமிழில் மன்னிக்கப்படுவதில்லை.

அச்சில் படிப்பதற்கான மொழிபெயர்ப்பும் தேவைதான். பாட்டின் பொருளைக் குழுவுக்கு விளக்க அது உதவும். ஆனால் அது வேறு வேலை. ஜெர்மன் ஞானப்பாட்டுகளை அவற்றின் மெட்டிலேயே பாடும்படி தமிழாக்கும் வேலை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கிறது. சென்னை வேப்பேரியில் வாழ்ந்த யோகான் ஃபிலிப் ஃபபிரிசியுஸ் அப்படிப் பல பாட்டுகளைத் தமிழாக்கினார். மேலை மெட்டில் பாடும் பாமாலையும் நம் இராகங்களில் பாடும் கீர்த்தனையும் சபையில் இன்றும் தனித்தனி வகைகளாக நிற்கின்றன.

அசையை எப்படி எண்ணுவது? எழுத்துகளை எண்ணினால் கணக்கு ஒத்துவரவில்லையே.

உயிரொலிகளை மட்டும் எண்ணுங்கள். புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக எண்ண வேண்டாம், அது தனக்கு முன்னால் உள்ள எழுத்தோடு சேர்ந்துகொள்ளும். 'கண்விழித்தார்' என்பதில் ஏழு எழுத்துகள் இருந்தாலும் பாடும்போது கண்-வி-ழித்-தார் என்று நான்குதான்.

யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். யாப்பில் 'இரா' என்பது நிரை, அதாவது ஓர் அசை. ஆனால் பாட்டில் அது 'இ', 'ரா' என்று இரண்டு இடங்களைப் பிடிக்கும். இங்கே நான் அசை என்று சொல்வது ஒரு சுரத்தில் ஏறி உட்காரும் ஓர் உயிரொலியை மட்டுமே.

எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாட வரவில்லை. ஏன்?

எண்ணிக்கை பாதிக் கணக்குதான், மற்றப் பாதி நீளம். நீண்ட சுரத்தில் நெடிலோ ஒற்று அடுத்த குறிலோ வர வேண்டும், குறுகிய சுரத்தில் குறில் வர வேண்டும். சந்தக் கணக்கில் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, ஒற்று அடுத்த குறிலும் இரண்டு. திரைப்பாட்டு எழுதுகிறவர்கள் மெட்டைக் கேட்டதும் 'தான தனா' என்று தத்தகாரம் போட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

இலங்கையின் தேசிய கீதம் இதற்கு நல்ல உதாரணம். ஆனந்த சமரக்கோன் இயற்றிய சிங்கள மூலத்தைப் பண்டிதர் மு. நல்லதம்பி அதே மெட்டில் தமிழாக்கினார். சிங்களத்தில் 'மாதா' என்று இருக்குமிடத்தில் தமிழில் 'தாயே' வருகிறது. இரண்டு நெடிலுக்கு இரண்டு நெடில், பொருளும் அதுவே. அடுத்து வரும் 'அப' என்ற சொல்லில் இரண்டு குறில்கள், தமிழில் அங்கே 'நம்' என்று ஒரே அசை. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் மாத்திரை இரண்டுக்கு இரண்டு சரியாக இருக்கிறது.

எந்த வரியிலிருந்து தொடங்குவது?

வார்த்தைகளைப் பார்க்காமல் மெட்டிலிருந்து தொடங்குங்கள். பாட்டை முணுமுணுத்துத் தத்தகாரம் எழுதுங்கள். அதில் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மிக உயர்ந்த சுரம், மிக நீண்ட சுரங்கள், மூச்சு எடுக்கும் இடங்கள்.

நம் பாட்டு இன்று பாடப்படும் வடிவில் 'ப த ப க' என்று தொடங்குகிறது. ஒவ்வொரு அரை அடியையும் ஆறு சிறு கூறுகளாகப் பிரித்தால் முதல் 'ப'வுக்கு மூன்று கூறு, 'த'வுக்கு ஒன்று, அடுத்த 'ப'வுக்கு இரண்டு, 'க'வுக்கு முழு ஆறு. தத்தகாரத்தில் இது 'தான தனா'. அடுத்த வரியில் 'தான தா' இரண்டு முறை. மூன்றாவது, நான்காவது வரிகள் 'தான தானன தானன தா'. கடைசி வரி 'தான தானன தா', அதையே வேறு சுரங்களில் மறுபடியும் பாடுவார்கள். கடைசி வரியை முதலில் பாடும்போது அதன் மூன்றாவது அசை மேல் மத்திமத்தைத் தொடுகிறது. பாட்டு முழுவதிலும் அதுதான் உச்சி. நான் முதலில் எழுதியது அந்த வரியைத்தான். உச்சிக்கும் முடிவுக்கும் சொல் கிடைத்துவிட்டால் மற்ற வரிகளை அவற்றை நோக்கி நடத்திவிடலாம். மேலிருந்து கீழாக எழுதினால் கடைசியில் நல்ல இடத்துக்கு மோசமான சொல்தான் மிஞ்சும்.

ஒரு சரணத்தை முழுதாகச் செய்து காட்ட முடியுமா?

ஜெர்மன் மூலத்தின் பொருள் இது: அமைதியான இரவு, புனித இரவு, எல்லாம் உறங்குகிறது, அன்புக்குரிய அந்தப் புனித இணை மட்டும் தனியே விழித்திருக்கிறது, சுருள்முடி அழகுப் பிள்ளையே, வானுலக அமைதியில் தூங்கு.

கடைசி வரியில் உச்சிச் சுரம் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் 'வானுலக' என்று பொருள்படும் சொல்லின் முதல் அசையில் விழுகிறது. தமிழிலும் அங்கே வானம்தான் வர வேண்டும் என்று முடிவு செய்தேன். 'வா' என்பது வாய் திறந்த ஆகாரம், உயரத்தில் பாட எளிது. முதலில் கிடைத்தது 'தூங்கு வான்மணியே'. தத்தகாரத்துக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் வான்மணி என்றால் பழந்தமிழில் சூரியன், இரவுப் பாட்டில் அது நிற்காது. 'தூங்கு வானமுதே' என்று மாற்றினேன். தூங்-கு-வா-ன-மு-தே, ஆறு அசைகள், 'தான தானன தா'. தாய் பிள்ளையை அமுதே என்று கொஞ்சுவதும் நம் வழக்கம்தான்.

முதல் வரிக்கு 'இரவு' என்ற சொல்லைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். ஆறு கூறு நீளச் சுரம் அதன் 'வு'வில் விழும். வாய் குவிந்து ஒலி அடங்கிவிடும். 'இரா' என்றால் குறிலில் ஏறி ஆகாரத்தில் நிற்கலாம். 'மோன இரா' நான்கு அசை, நான்கு சுரம். மூன்றாவது வரிக்கு வந்த 'தாயும் தந்தையும் கண்விழித்தார்' ஒன்பது அசை. அதில் 'தை' ஒரே ஒரு கூறு நீளமுள்ள சுரத்தில் விழுகிறது. சொல்லின் இடையில் வரும் ஐகாரம் தானாகவே குறுகும் என்பதால் நாக்கு தடுமாறவில்லை. முழுச் சரணம் இப்படி வந்தது:

மோன இரா, தூய இரா
ஊரெல்லாம் தூங்கையில்
தாயும் தந்தையும் கண்விழித்தார்
சின்னப் பாலகா, கண்மணியே
தூங்கு வானமுதே
தூங்கு வானமுதே

மூலத்தில் இருந்த சுருள்முடி எங்கே போயிற்று? இப்படி விடலாமா?

விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது என்று தெரிந்து விட வேண்டும். 1859இல் ஜான் ஃபிரீமன் யங் செய்த ஆங்கில வடிவத்திலேயே சுருள்முடி இல்லை, பிள்ளையின் மென்மை மட்டும்தான் இருக்கிறது. ஜெர்மனில் அந்தச் சொல் வந்ததற்கு முந்தைய வரியோடு இயைய வேண்டிய தேவையும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பது என் ஊகம். 'சுருள்முடி' தமிழில் சு-ருள்-மு-டி என்று நான்கு அசை, தொடங்குவதும் குறிலில், அந்த இடமோ நெடிலில் தொடங்குகிறது. 'கார்முடி' என்று போட்டால் பொருந்தும், ஆனால் சுருள் போய்விடும். அப்புறம் முடியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வரியின் வேலை என்ன என்று கேட்டுப் பாருங்கள். கதை சொல்லிக்கொண்டிருந்த பாட்டு இந்த வரியில்தான் பிள்ளையைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறது. அந்தத் திருப்பம் கட்டாயம் வேண்டும், அதனால்தான் 'பாலகா', 'கண்மணியே' என்ற விளிகள் வந்தன. 'அமைதியில்' என்ற சொல்லும் கடைசி வரியில் இல்லை. அதை 'மோன' என்று முதல் வரியிலேயே கொடுத்துவிட்டேன். ஒரே சரணத்துக்குள் பொருளை இடம் மாற்றுவது தவறாகாது.

ஓர் அசை கூடினால் அல்லது குறைந்தால் மெட்டைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாமா?

ஒரே அசையில் இரண்டு சுரம் ஓடும் இடங்களில் கூட்டலாம், குறைக்கலாம். மூலமே அப்படித்தான் செய்கிறது. முதல் வரியில் ஜெர்மனில் முதல் பாதிக்கு மூன்று அசை, இரண்டாம் பாதிக்கு நான்கு. ஆங்கிலத்தில் இரண்டும் மூன்று. நம் தமிழில் இரண்டும் நான்கு. மெட்டில் சுரங்கள் என்னவோ எல்லாவற்றிலும் நான்குதான். மூன்று அசை மட்டும் இருந்தால் முதல் அசை 'ப த' என்ற இரண்டு சுரத்தையும் எடுத்துக்கொள்ளும்.

மெட்டில் இல்லாத சுரத்தைப் புதிதாகச் சேர்ப்பதும், நீண்ட சுரத்தை உடைத்து இரண்டு சொற்களைத் திணிப்பதும் வேறு. ஒரு முறை செய்தால் தெரியாது. வரிக்கு வரி செய்தால் தாலாட்டு ஓடத் தொடங்கிவிடும்.

ஓர் அசை குறைந்தால் கடைசியில் ஏகாரமோ 'தானே' என்றோ போட்டு நிரப்பலாமா?

மொழிபெயர்த்த பாட்டு என்று கேட்டவுடனே தெரிந்துவிடுவது இந்த நிரப்புகளால்தான். இரண்டாவது வரியை நான் முதலில் 'ஊரெல்லாம் தூங்கவே' என்று எழுதியிருந்தேன். ஏகாரம் நீட்டிப் பாட எளிது. ஆனால் அந்த ஏகாரத்துக்கு அங்கே வேலை இல்லை. 'தூங்கையில்' என்றால் அதே மூன்று அசையில் 'தூங்கும்போது' என்ற பொருள் தெளிவாக வந்துவிடுகிறது. அது அடுத்த வரியையும் இழுத்து வருகிறது: ஊர் தூங்குகையில் யார் விழித்திருந்தார்கள் என்று கேட்பவர் காத்திருக்கிறார். 'யில்' என்று மூடி நிறுத்துவது சற்றுச் சிரமம்தான் என்றாலும் அந்தச் சுரம் தாழ்ந்த பஞ்சமம், தொண்டை தாங்கும்.

விளியாக வரும் ஏகாரம் நிரப்பு அல்ல. 'கண்மணியே', 'வானமுதே' இரண்டும் கூப்பிடுகின்றன. எடுத்துவிட்டால் பொருள் குறைகிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் அது நிரப்பு.

மூலத்தில் வரிக் கடைசிகள் ஒலியொத்து முடிகின்றன. தமிழிலும் அப்படியே வேண்டுமா?

கட்டாயமில்லை. தமிழ்ச் செவி வரியின் தொடக்கத்தில் வரும் மோனையையும் எதுகையையும்தான் முதலில் தேடும். இயைபு இருந்தால் இனிமை, இல்லாவிட்டால் யாரும் குறை சொல்வதில்லை. வினைமுற்று கடைசியில் வரும் மொழியில் இயைபைத் துரத்தினால் எல்லா வரியும் 'தாரே', 'னாரே' என்று முடிந்து சலிப்பூட்டும். 'தாயும் தந்தையும்' என்பதில் ஒரு மோனை கிடைத்தது, 'கண்மணியே' என்பதும் 'வானமுதே' என்பதும் ஏகாரத்தில் ஒத்தன. இந்தச் சரணத்துக்கு அவ்வளவு போதும்.

சில ஆங்கிலப் பாட்டுகள் தாளத்துக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. தமிழில் முதல் அசை எப்போதும் இடறுகிறது. என்ன செய்வது?

ஜான் நியூட்டன் எழுதி 1779இல் வெளியான 'அமேசிங் கிரேஸ்' அப்படிப்பட்டது. வரிகள் 8, 6, 8, 6 அசைகள். முதல் அசை 'அ' தட்டுக்கு முன் சிறிதாக வருகிறது, இரண்டாவது 'மே' தட்டில் விழுந்து நீள்கிறது. தத்தகாரம் 'தனா தனா தனா தனா'. இதில் 'கருணை' என்று தொடங்கினால் 'ரு' நீண்டு 'கரூணை' என்று கேட்கும். சொல் அழகானதுதான், அந்த இடத்துக்குத்தான் ஆகாது.

குறிலை அடுத்து நெடில் வரும் சொற்களைத் தேடுங்கள். 'நிலா', 'கனா', 'விழா', 'இதோ' போன்றவை இயல்பாக உட்காரும். 'தயாளனே' என்ற சொல் த-யா-ள-னே என்று 'தனா தனா' இரண்டையும் ஒரே சொல்லில் தந்துவிடும். அல்லது 'என்', 'உன்', 'நம்' போன்ற ஓரசைச் சொல்லை முன்னால் வைத்துவிட்டு முக்கியமான சொல்லைத் தட்டில் தொடங்குங்கள்.

எல்லாம் பொருந்துகிறது, ஆனால் பாட்டின் உணர்ச்சி மாறிவிட்டது என்கிறார்கள். எதைப் பார்ப்பது?

சொற்களின் புழங்கிடத்தைப் பாருங்கள். நம் பாட்டு ஆறெட்டுத் தாளத்தில் ஆடும் தாலாட்டு. அதில் 'நித்திரை கொள்வாய்' என்றால் பிரசங்கம் ஆகிவிடும். 'தூங்கு' என்றால்தான் தொட்டில் அருகில் இருக்கிறது. 'ஆராரோ' சேர்க்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஆகாரம், ஓகாரம் இரண்டும் நீட்டிப் பாடத் தோதானவை, ஆசை வருவது நியாயம்தான். ஆனால் 'ஆராரோ' தனக்கென்று ஒரு மெட்டைக் கூடவே கொண்டுவரும். கேட்பவர் மனத்தில் அந்த மெட்டு ஓடத் தொடங்கினால் குரூபரின் மெட்டு இடையூறாகத் தோன்றும். அதனால் நான் தவிர்த்தேன்.

வல்லின இரட்டைகளையும் கவனியுங்கள். 'ட்ட', 'ற்ற', 'க்க' அடுக்கினால் ஒலி வெட்டி வெட்டி நடக்கும். அணிவகுப்புப் பாட்டுக்கு அது வலிமை, தாலாட்டில் அது உலுக்கல். மேலே உள்ள சரணத்தில் ம, ய, ல, ன, ங் போன்ற மெல்லிய ஒலிகள் அதிகம் வருவது தற்செயல் அல்ல.

நான் எழுதியது சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

மூலப் பாட்டைக் கேட்டிராத ஒருவரிடம் தாளைக் காட்டாமல் பாடிக் காட்டுங்கள். கேட்டதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அவர் தவறாக எழுதும் இடம்தான் பழுது. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. குறில் நீண்டிருக்கும், அல்லது சொல்லின் நடுவே மூச்சு விழுந்திருக்கும். யாப்பில் இதற்கு வகையுளி என்று பெயர். அச்சில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், பாட்டில் காது பொறுக்காது.

இன்னொருவரின் பாட்டை இப்படி மாற்றச் சட்டம் அனுமதிக்கிறதா?

இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை வரிகளுக்கு உரிமை உண்டு, மொழிபெயர்ப்பதற்கும் அனுமதி வேண்டும். மெட்டுக்கும் இதே போல் தனி உரிமை உண்டு. மோர் 1848இலும் குரூபர் 1863இலும் காலமானார்கள், ஆகவே நம் உதாரணத்துக்குத் தடை இல்லை. அண்மைக் காலப் பாட்டு என்றால் எழுதத் தொடங்குமுன் உரிமையாளரிடம் கேளுங்கள்.

முதல் சரணம் நன்றாக வந்தது. இரண்டாவது சரணத்தில் அதே மெட்டு ஏன் முரண்டு பிடிக்கிறது?

மெட்டு முதல் சரணத்துக்காகவே பிறந்தது போல் இருக்கும், மற்றவை அதில் ஏறி வருபவை. மூலத்தில் ஆறு சரணங்கள், பெரும்பாலும் மூன்றைத்தான் பாடுகிறார்கள். மேய்ப்பர்கள் செய்தி கேட்கும் சரணத்தில் தாலாட்டு நின்று அறிவிப்பு வருகிறது, மீட்பர் பிறந்துவிட்டார் என்று. அதே மேல் மத்திமம் இப்போது மகிழ்ச்சிக் குரலைச் சுமக்க வேண்டும்.

'மீட்பர் தோன்றிவிட்டார்' என்று எழுதினேன்: மீட்-பர்-தோன்-றி-விட்-டார். உச்சியில் 'தோன்' விழுகிறது, கடைசி 'டார்' ஆகாரத்தில் மேலேறி நிற்கிறது. சற்று முன் வேண்டாம் என்று சொன்ன 'ட்ட' இங்கே வருகிறது, அறிவிப்புக்கு அந்த அழுத்தம் வேண்டும். எங்கள் சபையில் இரட்சகர் என்றுதான் சொல்வோம் என்று சிலர் கேட்பார்கள். இ-ரட்-ச-கர் நான்கு அசை, இடம் இருப்பதோ இரண்டுக்கு. அந்தச் சொல்தான் வேண்டுமென்றால் அதை இந்த வரியில் திணிக்காமல், நீண்ட மூன்றாவது அல்லது நான்காவது வரிக்கு நகர்த்திவிட்டு, இங்கே 'நாதர் தோன்றிவிட்டார்' என்று வைத்துக்கொள்ளலாம்.